நைனா எழுதி வைத்த நாலு பக்கம்

காசிமேட்டில் முப்பது வருஷம் ஐஸ் உடைத்த உடம்பு நைனாவுடையது. இப்போது நுரையீரல் போய்விட்டது. போன வருஷம் ஒன்பது நாள் வெண்டிலேட்டரில் இருந்து மீண்டு, பேச்சு வந்ததும் அவர் சொன்னது: "இன்னொரு தபா தொண்டையில குழாய் வுடாதீங்கடா."

சொன்னால் போதாது, தெளிவாக இருக்கும்போதே எழுதி வையுங்கள் என்றார் டாக்டர். முன்கூட்டிய மருத்துவ உயில் என்று அதற்குப் பெயர். நான் இணையத்தில் ஒரு மாதிரியை எடுத்து அச்சடித்துக்கொண்டு பாரிமுனைக்குப் போனேன். அதில் மாஜிஸ்திரேட் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அது, இப்படி எழுதி வைப்பதை அனுமதித்த 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் விதி. உச்ச நீதிமன்றமே 2023 ஜனவரியில் அதைத் தளர்த்திவிட்டது. இரண்டு சாட்சிகளும், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியும் இருந்தால் போதும்.

நோட்டரி முதலில் சீல் வைக்கவே பயந்தார். "இது கருணைக்கொலை ஆச்சேப்பா, என்னையும் சேர்த்துப் புடிச்சிட்டா?" ஊசி போட்டுச் சாகடிப்பது இன்றைக்கும் குற்றம்தான், இது சிகிச்சை வேண்டாம் என்பது மட்டும்தான் என்று தீர்ப்பைக் காட்டினேன். வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை வராது என்று 1996-லேயே கியான் கவுர் வழக்கில் சொல்லிவிட்டார்கள். ஆனால் சாவு நெருங்கிவிட்டவர் கண்ணியமாகப் போவதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமைதான் என்று அதே தீர்ப்பு ஒரு கதவைத் திறந்து வைத்தது. 2018 தீர்ப்பு அந்த வழியாகத்தான் வந்தது.

பக்கத்தில் இருந்த நைனா கேட்டார்: "ஊசி போட்டா குத்தம், மிஷினை எடுத்தா நியாயம். ரெண்டுலயும் சாவறது நான்தானே?"

சரியான கேள்வி. அரசியல் சாசனம், உடம்பு யாருடையது என்று கேட்கிறது. குற்றவியல் சட்டமோ கொன்றது நோயா, கையா என்று பார்க்கிறது. இரண்டையும் ஒட்ட வைத்த தையல் எனக்கு இன்னும் தெரிகிறது. டாக்டரிடம் நைனா கேட்டது வேறு: மிஷின் இல்லாவிட்டால் மூச்சுக்குத் தவிப்பேனா? தவிப்பு அடங்க மார்ஃபின் கொடுப்போம் என்றார். அதைத் தனி வரியாக எழுதச் சொன்னார் நைனா.

முதல் வரைவில் நான் "கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று எழுதியிருந்தேன். ஐசியூவில் இதற்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள் என்று டாக்டர் அடித்துவிட்டார். மீள வழியில்லை, சொந்தமாக முடிவெடுக்கும் நிலையும் இல்லை என்றால் குழாய், தொண்டைத் துளை, டயாலிசிஸ் வேண்டாம் என்று மாற்றினோம்.

ஆனாலும் இந்தத் தாளைக் காட்டினால் உடனே மிஷினை நிறுத்திவிட மாட்டார்கள். சிகிச்சை தரும் டாக்டரும் ஐந்து வருஷ அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட குழு முதலில் பார்க்கும். அப்புறம் இன்னொரு மூவர் குழு. ஒவ்வொன்றுக்கும் 48 மணி நேரம் என்பது கணக்கு. கடைசியில் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போகும். குழுவே மறுத்தால் உயர் நீதிமன்றம்தான்.

ஒரு நகலை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்தோம். இன்னொன்று ரேஷன் கார்டு கவரில், இன்ஹேலருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் சார்பில் பேச என் பெயரும் அக்கா பெயரும் போட்டிருக்கிறது. அக்கா பெயர் போடச் சம்மதித்தாள், தாளை இன்னும் படிக்கவில்லை.