பாப் ஸ்மியர் நார்மல் என்றார்கள், நான்கு மாதம் போயிற்று

எனக்கு 51 வயதில் மாதவிடாய் நின்றது. 57 வயதில் ஒரு நாள் காலையில் உள்ளாடையில் பழுப்பு நிறத்தில் சின்னக் கறை. வலி எதுவும் இல்லை. மறுநாள் அதுவும் இல்லை. மூலநோயாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்தது. இந்த முறை நல்ல சிவப்பு.

அக்காவிடம் சொன்னபோது, "நின்னு ஒரு வருஷம் தாண்டிட்டா அப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் டாக்டரைப் பார்க்கணும்டி" என்று திட்டினாள். மறுநாளே போனேன்.

முதலில் பார்த்த டாக்டர் பாப் ஸ்மியர் எடுத்தார், வயிற்றின் மேல் வைத்து ஒரு ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். ஸ்மியர் நார்மல். ஸ்கேனில் 'கர்ப்பப்பை வயதுக்கேற்ற அளவு' என்று எழுதியிருந்தது. வறட்சியால் வரும் கசிவு என்று சொல்லி, தடவ ஒரு க்ரீம் கொடுத்து அனுப்பிவிட்டார். கசிவும் நின்றது. இரண்டு ரிப்போர்ட்டும் நன்றாக இருக்கிறதே என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போதும் மனது ஆறவில்லை. பாப் ஸ்மியர் பார்ப்பது கர்ப்பப்பையின் வாயை. எனக்குப் பார்த்திருக்க வேண்டியது கர்ப்பப்பையின் உள்சவ்வு. அங்கே வரும் புற்றுநோய் ஸ்மியரில் பெரும்பாலும் தெரியாது. வறட்சியால் கசிவது உண்மைதான், இந்த வயதில் அதிகம் காணப்படும் காரணமும் அதுதான். ஆனால் உள்ளே பார்த்து மற்றதெல்லாம் இல்லை என்று உறுதியான பிறகு சொல்ல வேண்டிய பதில் அது. மாதவிடாய் நின்றபின் ரத்தம் வந்து போகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறது. தானாக நின்றுபோகும் கசிவும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

நான்காவது மாதம் மறுபடி வந்தபோது வேறு டாக்டரிடம் போனேன். பழைய ஸ்கேனைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "உள்சவ்வு எத்தனை மில்லிமீட்டர்னு இதுல எங்கேம்மா இருக்கு?" அந்த அளவே எழுதப்படவில்லை. உள்வழி ஸ்கேன் எடுத்தார்கள். கூச்சமாக இருந்தது, பத்து நிமிடத்தில் முடிந்தது. 11 மி.மீ. என்று வந்தது. 4 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, அதற்கு மேல் போனால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். மெலிதாகவே இருந்தாலும் கசிவு திரும்பத் திரும்ப வந்தால் விடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்த எண் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு பயாப்ஸி எடுத்தார்கள். மாதவிடாய் வலி போல இழுத்துப் பிடித்தது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வாங்கப் போனபோது கவுண்டரில் இருந்தவர் அதைப் புரட்டிப் பார்த்து, "கேன்சர்னு எதுவும் இல்லம்மா, சந்தோஷமா போங்க" என்றார். நானும் கிளம்பிவிட்டேன். வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்த பிறகுதான் கடைசி வரி கண்ணில் பட்டது: 'ஆய்வுக்குப் போதுமான திசு இல்லை.' நோய் இல்லை என்று அந்த ரிப்போர்ட் சொல்லவே இல்லை, பார்க்க முடியவில்லை என்று சொல்லியிருந்தது. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

டாக்டருக்கு இது புதிதல்ல. குழாய் கண்மூடித்தனமாகச் சுரண்டுவதால், சதைக்கட்டி ஓர் ஓரத்தில் இருந்தால் தப்பிவிடும் என்றார். ஹிஸ்டரோஸ்கோப்பி செய்தார்கள், அதாவது கேமராவை உள்ளே விட்டு நேராகப் பார்த்து எடுப்பது. மயக்கம் கொடுத்தார்கள், அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டேன். வலது மூலையில் ஒரு பாலிப் இருந்திருக்கிறது. அதில் உள்ள செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, ஆனால் விட்டால் ஆகக்கூடிய வகை. இந்த வகையில் சிலருக்கு உள்ளேயே புற்றுநோய் ஒளிந்திருப்பதும் உண்டு என்பதால் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொன்னார்கள்.

எடுத்தாயிற்று. முழுக் கர்ப்பப்பையையும் சோதித்த ரிப்போர்ட் போன வாரம் வந்தது. இந்த முறை கவுண்டரில் நின்றபடியே கண்ணாடி போட்டுக்கொண்டு, கடைசி வரி வரை நானே படித்தேன். புற்றுநோய் எங்கும் இல்லை.