திருகோணமலையில் பாஸ்போர்ட் தொலைந்தால்

கோணேஸ்வரம், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடல் பற்றியெல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன். அடுத்த மாதம் எங்கள் ஊரிலிருந்து இலங்கை போகும் குழுவுக்கு, பாஸ்போர்ட் தொலைந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கத் தாள் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஊர் திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது, மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களைப் பார்த்துவிட்டு உப்புவெளியில் தங்கியிருந்த விடுதிக்கு வந்தேன். பையைத் திறந்தால் பாஸ்போர்ட் இல்லை. அறை முழுக்கத் தேடினேன், கோட்டை வாசல் கடை வரை போய்க் கேட்டேன், இல்லை. அழுகை வந்துவிட்டது. விடுதி அக்கா, "முதல்ல சாப்பிடுங்கோ பிள்ளை, பிறகு பொலிசுக்குப் போகலாம்" என்று இடியப்பமும் சொதியும் வைத்தார். அந்தச் சொதிக்காகவே மறுபடி உப்புவெளிக்குப் போவேன்.

அப்புறம் ஆட்டோ. நான் பதறுவதைப் பார்த்ததும் டவுனுக்கு 1500 ரூபாய் என்றார் அந்த ஆள். பகலில் அதே தூரத்துக்கு 500 கொடுத்திருந்தேன். அவசரத்தில் இருப்பவரிடம் மூன்று மடங்கு கேட்பது அநியாயம். அக்கா தெரிந்த பையனைக் கூப்பிட்டுவிட்டார். நீங்களும் விடுதிக்காரர்களிடமே வண்டி கேளுங்கள்.

போலீசில் புகார் கொடுப்பதை அங்கே 'முறைப்பாடு' என்பார்கள். இதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது, ஏனென்றால் தூதரகம் முதலில் கேட்பது அதன் பிரதியைத்தான். பாஸ்போர்ட் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. விடுதிப் பதிவேட்டில் எழுதியிருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருந்தேன். எழுதிக் கொடுக்கும்போதுதான் உறைத்தது, அதில் எட்டும் எண்களாகவே இருந்தன. இந்திய பாஸ்போர்ட் எண் ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்கும், பின்னால் ஏழு இலக்கம். பதிவேட்டில் இசட் எழுத்தை யாரோ இரண்டு போல எழுதியிருக்கிறார்கள். நல்லவேளையாக, இலங்கை போக ஆன்லைனில் வாங்கும் ஈடிஏ அனுமதி வந்த மின்னஞ்சல் கைப்பேசியில் இருந்தது. அதில் சரியான எண் இருந்தது. அந்த மின்னஞ்சலை ஊர் திரும்பும் வரை அழிக்காதீர்கள்.

முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினார்கள். கையெழுத்துப் போடுமுன் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னேன், பொறுமையாக வாசித்தார்கள். பெயரையும் எண்ணையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். எங்கே போனது என்று தெரியாவிட்டால் 'தொலைந்தது' என்றே சொல்லுங்கள். பார்க்காத திருட்டைச் சொன்னால் யார், எப்படி என்று கேள்வி நீளும், பதிலும் இருக்காது. முத்திரை போட்ட பிரதியை வாங்காமல் வெளியே வரவே கூடாது.

சனி, ஞாயிறு தூதரகம் இல்லை. போயா என்கிற பௌர்ணமி நாளிலும் இலங்கையில் விடுமுறை, நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு ரயிலில் கொழும்பு போனேன். இரண்டு இரவு அறை வாடகை கூடுதல், பட்ஜெட் அங்கேயே உடைந்தது. திங்கள் காலை இந்தியத் தூதரகத்தில் முறைப்பாட்டுப் பிரதி, புகைப்படங்கள், ஆதார் நகல் கொடுத்தேன். அவசரமாக ஊர் திரும்ப எமர்ஜென்சி சர்டிபிகேட் தருவார்கள். அது இந்தியா வருவதற்கு மட்டும், ஒரே ஒரு முறை. அதை வைத்துக்கொண்டு அங்கிருந்து மாலத்தீவு போகலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

அந்தத் தாளில் இலங்கைக்குள் நுழைந்த முத்திரை இருக்காது, பழைய பாஸ்போர்ட்டோடு அதுவும் போய்விட்டது. எப்போது வந்தேன் என்பதற்கு என்னிடம் இருந்தது விமான போர்டிங் பாஸின் துண்டு. கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் இருக்கிறது. அங்கே போக வேண்டுமா என்று தூதரகத்திலேயே கேட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் போய் இதற்காக மாட்டிக்கொள்ளாதீர்கள்.

செவ்வாய் மதியம் விடுதி அக்கா போன் செய்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் பாஸ்போர்ட் கிடக்கிறதாம்! கொரியரில் அனுப்பட்டுமா என்றார். வாங்கி அதிலேயே பறந்துவிடலாமே என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் தொலைந்ததாகத் தூதரகத்தில் பதிந்ததும் அந்த பாஸ்போர்ட் ரத்து. அதன் எண் இன்டர்போலின் தொலைந்த ஆவணப் பட்டியலுக்கும் போய்ச் சேரலாம், எந்த நாட்டு எல்லையில் நீட்டினாலும் பிடித்து வைக்கக்கூடும். அதனால் தூதரகம் போகுமுன் கட்டிலை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள். அக்காவிடம் அதை முறைப்பாடு கொடுத்த போலீஸ் நிலையத்திலேயே ஒப்படைக்கச் சொன்னேன். புதன்கிழமை சர்டிபிகேட் கைக்கு வந்தது.