மாலேட் ட்யூப் ஒரு வழியா வெளுத்துருச்சு

எலக்ட்ரான் வாங்கினா வெளுத்துடற மெத்திலீன் ப்ளூ சாயத்தைப் போட்டு மைட்டோகாண்ட்ரியா டெஸ்ட் பண்றவங்களுக்குத்தான் இந்த போஸ்ட். சக்சினேட் ட்யூப் எனக்கு எப்பவோ வெளுத்துருச்சு, மாலேட் ட்யூப்தான் நீலமாவே நின்னு உயிரை எடுத்துச்சு. இப்போ அதுவும் இறங்கிருச்சு, காரணமும் புரிஞ்சுது.

பிரிக்கிற கதை உங்களுக்கே தெரியும். காலிஃப்ளவர் பூ முனை, 0.3 மோலார் சுக்ரோஸ், பிஹெச் 7.2 பாஸ்பேட் பஃபர், எல்லாம் ஐஸ்ல, மெதுவா ஒரு சுத்து, வேகமா ஒரு சுத்து. மிக்ஸில போட்டு அடிக்காதீங்க, துருவி துணியில பிழிஞ்சா போதும். பெல்லட்டை கண்டிப்பா கழுவணும், ஏன்னா காலிஃப்ளவர்ல இருக்கற வைட்டமின் சி தானாவே சாயத்தை வெளுக்கப் பார்க்கும், முக்கியமா டிசிபிஐபி யூஸ் பண்றவங்க அதைப் பார்த்துட்டு என்சைம் வேலை செய்யுதுன்னு குதிச்சிடுவாங்க. கொதிக்க வெச்ச பெல்லட் ஒரு ட்யூப்ல இல்லாம எதையும் நம்பாதீங்க.

நிறைய பேர் அசைடு போட்டு, ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான் கொடுக்கற கடைசி காம்ப்ளெக்ஸை அடைக்கிறாங்க, அந்த விஷம் என் டேபிள் பக்கமே வேண்டாம். அதுக்குப் பதிலா மேல லிக்விட் பாரஃபின் ஊத்தி காத்தை மறிச்சேன். உள்ள ஏற்கனவே கரைஞ்சிருக்கற ஆக்சிஜன் தீர்ற வரைக்கும் நீலம் அசையாது, பொறுமை வேணும். கணக்கு போட்டா ஏன்னு தெரியும். 10 மில்லி தண்ணில சுமார் 2.6 மைக்ரோமோல் ஆக்சிஜன் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் 4 எலக்ட்ரான், அதாவது 5.2 மைக்ரோமோல் சக்சினேட் செலவு. நான் போட்ட சாயம் மொத்தமே 0.2 மைக்ரோமோல்தான், அதுக்கு 0.2 சக்சினேட் போதும். அப்போ 26 பங்கு வேலை முதல்ல ஆக்சிஜனுக்கே போகுது, நடுவுல சாயம் எலக்ட்ரான் வாங்கினாலும் ஆக்சிஜன் அதைத் திருப்பி நீலமாக்கிடும். கடைசில அடியிலிருந்து வெளுத்துட்டு வந்து மேல மட்டும் ஒரு நீல வளையம் நிக்கும், குலுக்கினா மறுபடி நீலம். மாலோனேட் சேர்த்த ட்யூப் வெளுக்கல, சக்சினேட்டை ஏத்தினதும் மெல்ல இறங்குச்சு, ஸோ அது போட்டிக்கு வர்ற தடுப்பான்தான்.

இப்போ மாலேட். சிட்ரிக் ஆசிட் சைக்கிள் ஒரு சுத்துல 3 என்ஏடிஎச், 1 எஃப்ஏடிஎச்2 தருது. இதுல எஃப்ஏடிஎச்2 எங்கயும் மிதந்து போறதில்ல, சக்சினேட் டீஹைட்ரஜனேஸே மெம்பிரேன்ல இருக்கற காம்ப்ளெக்ஸ் 2, எஃப்ஏடி அதுலயே ஒட்டியிருக்கு, எலக்ட்ரான் நேரா யூபிகுயினோனுக்குப் போயிடும். அதனாலதான் மைட்டோகாண்ட்ரியா பாதி கிழிஞ்சிருந்தாலும் சக்சினேட் ட்யூப் வெளுக்குது. மாலேட்டுக்கு அந்த சொகுசு இல்ல. அதோட என்சைம் மேட்ரிக்ஸ்ல, எலக்ட்ரான் வாங்கிக்கிற என்ஏடியும் மேட்ரிக்ஸ்ல மிதக்கறது, அது போய் காம்ப்ளெக்ஸ் 1ல எலக்ட்ரானை இறக்கணும். சவ்வு கிழிஞ்சா என்ஏடி வெளிய கசிஞ்சு பஃபர்ல கரைஞ்சு போயிடும்.

சரின்னு என்ஏடி வாங்கிச் சேர்த்தேன். (இதுல ஒரு புலம்பல்: ஈரமும் சூடும் ஆகாத சாமானை ஐஸ் பேக் இல்லாம வெறும் கவர்ல அனுப்பறவங்களை என்ன சொல்றது. கட்டியா வந்துச்சு, திருப்பி அனுப்பிட்டு வேற ஆள்கிட்ட வாங்கினேன்.) போட்டும் லேசா ஒரு மாற்றம், அவ்ளோதான்.

சிக்கல் ஆக்ஸலோஅசிட்டேட்ல இருக்கு. மாலேட்டிலிருந்து அது வர்ற ஸ்டெப் ஸ்டாண்டர்ட் நிலையில கிட்டத்தட்ட 30 கிலோஜூல் மேட்டுல ஏறணும், கொஞ்சம் சேர்ந்தாலே ரியாக்‌ஷன் நின்னுடும். செல்லுக்குள்ள சிட்ரேட் சிந்தேஸ் அசிடைல் கோஏவோட சேர்த்து அதை அப்பப்போ எடுத்துடுது, இந்தப் பக்கம் காம்ப்ளெக்ஸ் 1 என்ஏடிஎச்சை காலி பண்ணுது, ரெண்டு பக்கமும் இழுக்கறதாலதான் அது நகருது. என் ட்யூப்ல அசிடைல் கோஏ கிடையாது, யார் இழுப்பா?

அதுக்கு குளுட்டமேட். அமினோ குரூப்பை ஆக்ஸலோஅசிட்டேட்டுக்குக் கொடுத்து அதை அஸ்பார்டேட் ஆக்கிடும், மாத்துற என்சைம் பெல்லட்லயே இருக்கு. மாலேட், என்ஏடி, குளுட்டமேட் மூணும் போட்டதும் நீலம் இறங்க ஆரம்பிச்சுது, சக்சினேட்டை விட ஸ்லோதான், ஆனா முழுசா வெளுத்துச்சு. குளுட்டமேட்டே தனியா என்ஏடிஎச் கொடுக்குமேன்னு கேப்பீங்க, நியாயம்தான், அதுக்குன்னு மாலேட் இல்லாத ட்யூப் ஒண்ணு வெச்சிருந்தேன், மூணும் இருந்த ட்யூப் வெளுத்து முடிஞ்சப்பவும் அது நல்ல நீலமாவே இருந்துச்சு.

அடுத்து 365 நானோமீட்டர் எல்இடி வாங்கி என்ஏடிஎச்சோட நீல ஒளிர்வை நேராவே பார்க்கலாம்னு இருக்கேன், ஆக்சிஜன் தீர்ந்த நிமிஷம் அது ஏறணும். ஆனா மெத்திலீன் ப்ளூ இருந்தா எலக்ட்ரானை அது பிடுங்கிடும், சாயம் இல்லாத ட்யூப்லதான் பண்ணணும், கலங்கல்ல வெளிச்சம் சிதறும், அதுக்கு முன்னாடி ஒரு ஃபில்டர் தேடணும். யாராவது 460 பக்கம் விடற மாதிரி சல்லிசா ஃபில்டர் வெச்சிருந்தா சொல்லுங்க.