சங்கத்தில் சேர்ந்து மூட்டையை எடை போடக் கற்றுக்கொண்டேன்

கொடுங்கையூரில் முத்தமிழ் நகர் பக்கம் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பகுதி வியாபாரிகள் சங்கத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அதற்கு முன்னால் வருஷத்துக்கு ஒருமுறை மே 5 வணிகர் தினத்துக்குக் கடையை மூடச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பவர்கள் என்ற அளவில்தான் சங்கத்தைத் தெரியும். சந்தா கட்டி நமக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று ஒதுங்கியே இருந்தேன்.

2023 டிசம்பர் மழையில் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. தரையில் வைத்திருந்த மூட்டைகள் எல்லாம் போயின. நாலு கடை தள்ளி இருக்கும் அண்ணாச்சி கடையிலும் அதே அளவு தண்ணீர்தான், ஆனால் அவர் சரக்கில் பெரிய சேதமில்லை. முதல் வரிசை மூட்டையையே இரண்டு அடி உயர இரும்பு ஸ்டாண்டில் ஏற்றியிருந்தார். கேட்டபோது, "2015 வெள்ளத்துக்கு அப்புறம் சங்கத்துல பேசி, ஒரே வெல்டரிடம் பதினோரு கடைக்கும் சேர்த்து அடிச்சோம்மா" என்றார். அடுத்த வாரமே மனு எழுதிக் கொடுத்தேன்.

சேர்வது சுலபம். மாநகராட்சித் தொழில் உரிமத்தின் நகல், ஒரு போட்டோ, ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் ஒருவரின் கையெழுத்து, சேர்க்கைக் கட்டணம் 500 ரூபாய். அப்புறம் மாதம் 100. கூட்டம் மாதம் ஒருமுறை, கடை சாத்திய பிறகு இரவு பத்து மணிக்கு. மனு கொடுப்பதற்கு முன் கணக்கு நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பொருளாளர் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டினார். வரவு, செலவு, ரசீது எண் எல்லாம் இருந்தன. அது எனக்குப் போதும். காட்ட மறுத்திருந்தால் திரும்பி வந்திருப்பேன்.

சேர்ந்த பிறகு முதலில் கிடைத்த உபயோகம் தராசு விஷயம். கடைக்கு வந்த செயலாளர் டீ குடித்தபடி என் எலக்ட்ரானிக் தராசைத் திருப்பிப் பார்த்து, "முத்திரை எப்போ போட்டதும்மா?" என்றார். வாங்கும்போது போட்டது, அதற்குப் பின் மூன்று வருஷம் நான் தொடவே இல்லை. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் மறுமுத்திரை வாங்க வேண்டும், சான்றிதழைக் கடையில் பார்வையாக மாட்ட வேண்டும், இதைப் பார்ப்பது தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு என்று அவர் சொல்லித்தான் தெரியும். அந்த வாரமே முடித்துவிட்டேன். முத்திரை உள்ள தராசு சில மாதங்களிலேயே வேறு விதத்தில் கைகொடுத்தது.

சேர்ந்து சரக்கு எடுக்கும் பேச்சைத் தொடங்கியது நாங்கள் ஒன்பது கடைக்காரர்கள். துவரம் பருப்பில் ஆரம்பிப்பது என்று முடிவு. அந்த மாதம் எனக்குக் கடை வாசலில் கொண்டுவந்து போடும் மொத்த வியாபாரி 50 கிலோ மூட்டைக்கு 5,600 ரூபாய் வாங்கினார், பதினைந்து நாள் கடன். பாரிமுனை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் 20 மூட்டை ஒரே கையில் எடுத்தால் 5,325 ரூபாய், ஆனால் ரொக்கம். மூட்டைக்கு 275 ரூபாய் மிச்சம் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

பணத்தைச் சங்கத்தின் கணக்கில் போட்டு, சங்கத்தின் பேரில் ஒரே பில்லாக எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். பொருளாளர் ஒத்துக்கொள்ளவே இல்லை. சங்கம் வாங்கி உறுப்பினருக்குக் கொடுத்தால் அது சங்கம் செய்யும் வியாபாரம். அதற்கு வரி, கணக்கு என்று தனித் தலைவலி. ஒருவர் பணம் தாமதித்தால் மற்றவர் பணம் மாட்டும். அதனால் பேரம் மட்டும் சேர்ந்து பேசுவது, பில் அவரவர் கடைப் பேரில், பணம் அவரவர் கணக்கிலிருந்து நேராக வியாபாரிக்கு, வண்டி வாடகை மட்டும் மூட்டைக் கணக்கில் பிரிப்பது என்று வைத்துக்கொண்டோம். இந்த ஒரு ஏற்பாட்டால்தான் இன்று வரை எங்களுக்குள் பணச் சண்டை வரவில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

முதல் லோடு வந்தது. என் பங்கு இரண்டு மூட்டை. அந்தத் தெருவுக்குள் வண்டி போகாததால் மீன்பாடி வண்டியில் மெயின் ரோடு வரை கொண்டுவந்து மினி லாரியில் ஏற்றினார்கள். வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய், ஏற்றி இறக்க மூட்டைக்கு 40. இருபதால் வகுத்தால் மூட்டைக்கு 120 ரூபாய் போயிற்று. மிச்சம் 155.

மூட்டையைப் பிரிப்பதற்கு முன் பெரிய தராசில் வைத்துப் பார்த்தேன். சரியாக 50. பருப்பை டிரம்மில் கொட்டிவிட்டு வெறும் சணல் சாக்கை என் கடைத் தராசில் வைத்தேன், 600 கிராம் காட்டியது. அப்படியானால் பருப்பு 49 கிலோ 400 கிராம்தான். இன்னொரு சாக்கும் ஏறக்குறைய அதேதான். அந்த 600 கிராமின் விலை 64 ரூபாய். 155 என்று நினைத்தது 91-க்கு வந்துவிட்டது. பதினைந்து நாள் கடனையும் விட்டுக்கொடுத்து, கையில் இருந்த 10,650 ரூபாயை முடக்கி நான் சம்பாதித்தது இரண்டு மூட்டைக்கும் சேர்த்து 182 ரூபாய்.

தனியாளாக இருந்திருந்தால் அதோடு விட்டிருப்பேன். மற்ற எட்டுக் கடைகளிலும் சாக்கை எடை போடச் சொன்னேன். எல்லா இடத்திலும் அதே கதை. இருபது மூட்டைக்கும் சேர்த்து 12 கிலோ, 1,278 ரூபாய். மூன்று பேர் பில்களோடு அந்த வியாபாரியிடம் போனோம். "சாக்கோட அம்பதுதான், தெருவுல எல்லாரும் அப்படித்தான் கொடுக்குறாங்க" என்றார். செயலாளர் குரலை உயர்த்தவே இல்லை. "பில்லில் 50 கிலோ பருப்புன்னு போட்டிருக்கீங்க, சாக்குன்னு போடலையே அண்ணே" என்று மட்டும் சொல்லி, அடுத்த மாதம் சர்க்கரையும் சேர்த்து எடுப்பதாக இருக்கிறோம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தொகையை அடுத்த லோடில் கழிப்பதாக வியாபாரி ஒத்துக்கொண்டார், கழிக்கவும் செய்தார். நியாயத்தோடு அடுத்த ஆர்டரும் சேர்ந்து நின்றதால்தான் காரியம் நடந்தது.

அதற்குப் பிறகு யாராவது இருவர் நேரில் போகாமல் சரக்கு ஏற்றுவதில்லை. ஏதாவது மூன்று மூட்டையை நாங்களே காட்டி எடை போடச் சொல்வோம், சாக்கு எடை கழித்து நிகர எடையைப் பில்லில் எழுத வைப்போம். தட்டில் காட்டும் சாம்பிளை நம்புவதில்லை. குத்தூசியை மூட்டையின் அடிப்பக்கம் குத்தி எடுத்த பருப்பைத்தான் சாம்பிளாக வாங்குகிறோம். அதில் ஒரு கைப்பிடியை வீட்டுக் குக்கரில் வேகவைத்துப் பார்த்த பிறகே சரி சொல்கிறோம். பழைய பருப்பு பார்க்கப் பளபளவென்று இருக்கும், எத்தனை விசில் விட்டாலும் மசியாது. இன்னொரு கைப்பிடியைப் பொட்டலமாகக் கட்டி, தேதி எழுதி, வந்த சரக்கோடு ஒப்பிட வைத்துக்கொள்கிறோம்.

இரண்டாம் லோடில் பருப்போடு பத்து மூட்டை சர்க்கரையும் அதே வண்டியில் வந்தது. வாடகை முப்பதாகப் பிரிந்ததால் மூட்டைச் செலவு 120-லிருந்து 93-க்கு இறங்கியது. சர்க்கரையில் ஒன்று கவனிக்க வேண்டும். அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. சாதாரண முறையில் பதிவு செய்தவர்கள் அந்த வரியைத் திரும்ப வரவு வைத்துக்கொள்வார்கள். நான் காம்போசிஷன் முறையில் இருக்கிறேன், எனக்கு அந்த வரவு கிடையாது. அதனால் வரிக்கு முந்தைய விலையை அவர்கள் பேசும்போது, நான் வரியோடு கூட்டித்தான் என் கடைக் கணக்கைப் பார்க்கிறேன். ஒரு மாதம் அப்படிக் கூட்டிப் பார்த்ததில் எனக்குப் பழைய வியாபாரியே மலிவு என்று வந்தது. அந்த மாதம் சர்க்கரையில் சேரவில்லை, யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

பேரம் பேசும் பலம் நன்றாகத் தெரிந்தது பிஸ்கட் ஏஜென்சி விஷயத்தில். காலாவதியான பாக்கெட்டுகளை எடுத்துப் போக லைன் சேல்ஸ்மேன் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். எல்லாக் கடைகளிலும் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாகக் கிடந்தது. கூட்டத்தில் முதலில் எழுந்த யோசனை, எங்களுக்கு மார்ஜினையும் கூட்டிக் கொடு என்று சேர்த்துக் கேட்பது. முப்பது வருஷம் கடை நடத்திய ஒரு பெரியவர் அதைத் தடுத்தார். மார்ஜின் கம்பெனி வைப்பது, ஏஜென்டிடம் கேட்டு என்ன பயன் என்றார். சரக்கு வரும் நாள், கடன் நாள், காலாவதி திரும்ப எடுப்பது, ஓடும் சரக்கோடு ஓடாத சரக்கைத் தலையில் கட்டாமல் இருப்பது, இவைதான் ஏஜென்ட் கையில் இருப்பவை. கையில் இருப்பதை மட்டும் கேட்போம் என்று முடிவானது.

பதினாலு கடைகள் ஒரே மாதிரி தாளில் எழுதினோம். சரக்கின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, எண்ணிக்கை, வாங்கிய பில் எண். பில் எண் எழுத முடியாததை நாங்களே அடித்துவிட்டோம். மொத்தம் முப்பத்தோராயிரம் சொச்சம் வந்தது. நான்கு பேர் ஏஜென்சி ஆபீசுக்குப் போனோம். சண்டை இல்லை. தாள்களைப் பார்த்ததும் ஏஜென்டே கணக்கெடுக்க ஆளைக் கூப்பிட்டார். காலாவதிக்கு முப்பது நாள் முன்பே நாங்கள் பட்டியல் கொடுப்பது, அவர் 45 நாளுக்குள் கிரெடிட் நோட் கொடுப்பது என்று எழுதி வாங்கினோம். தள்ளுபடி ஸ்கீமில் எடுத்த சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார். அதில் அவர் பக்கமும் நியாயம் இருந்ததால் ஒத்துக்கொண்டோம். எனக்கு வந்த கிரெடிட் நோட் 1,940 ரூபாய்.

அதே கூட்டத்தில் ஒருவர், எல்லோரும் சர்க்கரையை ஒரே விலைக்கு விற்போம், யாரும் இறக்கக் கூடாது என்றார். செயலாளர் அதை நோட்டில் எழுதவே இல்லை. விற்கும் விலையை வியாபாரிகள் கூடி முடிவு செய்வது போட்டிச் சட்டத்துக்கு விரோதம், வாங்குவதில் சேருவோம், விற்பது அவரவர் இஷ்டம் என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். என் கடையில் விலையை நான் வைப்பதுதான் எனக்கும் பிடிக்கும்.

இந்த மாதம் செங்குன்றம் மில்லில் அரிசி எடுப்பதாகப் பேச்சு. 26 கிலோ மூட்டை. எடை பார்க்கப் போகும் இருவரில் நானும் ஒருத்தி, குத்தூசி என் கடையில்தான் இருக்கிறது.