ஆப்பரேட்டர் வாயால் சொன்னதைப் பழுதுப் பதிவேட்டில் ஏற்றிய விதம்

கோவை கணபதியில் பம்பு ஷாஃப்ட் கடையும் எங்கள் பட்டறையில், சிஎன்சி லேத் நின்ற விவரத்தை ஆப்பரேட்டர்கள் ஷிப்டு முடிவில் வாய்ஸ் மெசேஜாக அனுப்புகிறார்கள். அதைக் கேட்டுப் பழுது, காரணம், நின்ற நேரம், உதிரிபாகம் என்று பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு. அண்மையில் வந்த ஒரு தகவல் இது:

“அண்ணா, டீக்கு முன்னாடியே சக் பிரஷர் கம்மின்னு அலாரம் வந்துச்சுங்க. ரீசெட் பண்ணி ஓட்டுனனுங்க. டீ குடிச்சுட்டு வந்து ரெண்டு பீஸ் ஓட்டறதுக்குள்ள மறுக்காவும் நின்னுபோச்சுங்க. பம்பு போயிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க, பாத்தா ஹோஸ் கிழிஞ்சு ஆயில் ஒழுகுதுங்க. நடுவுல கரண்டும் போச்சுங்க. மாத்தி ஓட்ட ஒரு மணி நேரம் ஆச்சுங்க.”

இதில் மெஷின் இரண்டு முறை நின்றிருப்பதால் இரண்டு வரிகள் தேவை. இரண்டிலும் பழுது ஒன்றே: கடையும் பொருளை இறுகப் பிடிக்கும் சக்கின் ஹைட்ராலிக் அழுத்தம் குறைவு. பம்பு என்பது அவருடைய ஊகம். அதை நான் காரணக் கட்டத்தில் ஏற்றவில்லை. கழற்றிய ஹோஸை ஃபிட்டரிடம் வாங்கிப் பார்த்தபோது, ஒரே இடத்தில் மேல் ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் கம்பிப் பின்னல் அறுந்திருந்தது. கிளாம்பு தளர்ந்து, ஹோஸ் தகட்டு விளிம்பில் உரசியிருக்கிறது. ‘ஹோஸ் கிழிந்தது’ என்று எழுதி நிறுத்தினால் புது ஹோஸும் அதே இடத்தில் உரசும் என்பதால், கிளாம்பு தளர்வையே காரணமாக எழுதினேன். கசிவு சிறிதாக இருந்தபோது ரீசெட் செய்ததும் அழுத்தம் ஏறியிருக்கிறது. ஆகவே முதல் வரிக்கும் அதே காரணத்தைப் பிறகு சேர்த்தேன்.

நேரத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். மெஷின் கடிகாரம் ஃபோன் நேரத்தோடு ஒத்துப்போகிறது என்று உறுதி செய்துகொண்டு அலாரம் ஹிஸ்டரியைப் பார்த்தேன்: முதல் அலாரம் 10:52, அடுத்தது 11:21. முதல் நிறுத்தம் 3 நிமிடம் என்பதை ஆப்பரேட்டரிடமே கேட்டு எழுதினேன். ஹோஸ் மாட்டி முடிந்தது 12:30. ஆனால் அளவு சரியாக வந்த முதல் பீஸ் 12:51-க்குத்தான் கிடைத்தது. உற்பத்தி நின்ற கணக்கு அதுவரை ஓடுவதால் 90 நிமிடம் என்று எழுதினேன். அவர் சொன்ன ஒரு மணி நேரம் ஃபிட்டர் வேலை செய்த நேரத்தையே ஏறக்குறைய குறிக்கிறது. மின்தடையின் 20 நிமிடம் இந்த 90-க்குள் அடக்கம். ஹோஸ் கழற்றும் வேலை அப்போதும் நடந்ததால் அதைக் கூட்டவோ கழிக்கவோ இல்லை, குறிப்பில் மட்டும் சேர்த்தேன்.

‘ஹோஸ் 1’ என்று மட்டும் எழுதினால் ஸ்டோரில் வாங்க இயலாது. உள்விட்டம் கால் அங்குலம், நீளம் 900 மி.மீ., ஒரு முனை நேர், மறுமுனை எல்போ என்று அளந்து, ஹோஸின் மேல் அச்சிட்டிருந்த அழுத்த அளவையும் முனைகளின் மரை அளவையும் சேர்த்தேன். பயன்படுத்தியதையும் வாங்க வேண்டியதையும் தனித்தனியே பிரித்தேன்: பயன்படுத்தியது ஹோஸ் 1; இருப்பிலிருந்த கடைசி ஹோஸ் அதுவே என்பதால் வாங்க வேண்டியது ஹோஸ் 1, ரப்பர் வைத்த கிளாம்பு 2. கிளாம்பு மாட்டி முடியும்வரை அந்தப் பதிவை முடிந்ததாகக் குறிக்காமல் வைத்திருக்கிறேன்.