எம் சைசாம் எம் சைசு!

தீபாவளிக்கு தம்பிக்கு ரெண்டு ஜிப்பா ஆன்லைன்ல வேற வேற கடையில ஆர்டர் பண்ணேன், ரெண்டுமே எம் தான். நேத்து பார்சல் வந்துச்சு. ஒன்னு போட்டா பட்டன் நெஞ்சுல இழுத்துக்கிட்டு நிக்குது, இன்னொன்னு நல்லா லூசா அழகா இருக்கு.

பக்கத்து லயத்துல தைக்கிற அக்காகிட்ட கொண்டு போனேன். ரெண்டையும் மேசையில விரிச்சு அக்குள்ல இருந்து அக்குளுக்கு டேப் வச்சாங்க. ஒன்னு 19 இஞ்சி, இன்னொன்னு 21. டபுள் பண்ணா 38, 42. தம்பி நெஞ்சு சுத்தளவே 38 தான், அப்புறம் எங்க மூச்சு விடுறது? இழுபடாத துணிக்கு உடம்பளவ விட ஒரு 4 இஞ்சி கூட இருக்கணும்னாங்க, டீ-சட்டைனா துணியே இழுக்கும், கம்மியா இருந்தாலும் பரவால்ல.

வீட்டுக்கு வந்து திரும்ப பாத்தா ரெண்டு கடை சார்ட்லயும் எம்முக்கு 38ன்னு தான் போட்டிருக்கு! ஒருத்தன் போட்டது உடம்பளவு, இன்னொருத்தன் போட்டது சட்டையோட அளவு, நான் எங்க அத கவனிச்சேன். எம்முங்கிறது வெறும் எழுத்து தானே, அவனவன் யாருக்கு விக்கிறானோ அந்த ஊரு ஆளுங்க உடம்ப வச்சு வெட்டுறான்.

இப்ப தம்பிக்கு சரியா இருக்கிற சட்டைய அளந்து 21ன்னு போன்ல எழுதி வச்சிட்டேன். அடுத்த தடவ கடைக்காரன்கிட்ட "விரிச்சு வச்சா நெஞ்சு எத்தன இஞ்சி"ன்னு கேட்டுட்டு தான் காசு. டைட்டானது 45 வெள்ளிங்க, அக்கா பிரிச்சு விடலாம்னு பாத்தா உள்ள தையல் துணியே விடல பாவி 😭