நாப்பத்தேழு நிமிஷம், ஒரு காலண்டர் தாள்

எங்க வீட்ல யாரு போன் பேசினாலும் ஸ்பீக்கர்லதான் பேசணும்னு ஒரு சட்டம் இருக்கு. அப்பா போட்ட சட்டம். அதனால காசி டூர்காரர்கிட்ட நான் பேசின நாப்பத்தேழு நிமிஷத்துல என் பங்கு ஒரு ஆறு நிமிஷம் இருக்கும், மிச்சம் அப்பா, அம்மா, பெரியம்மா, நடுவுல குக்கர். பேசி முடிச்சு வச்சதும் அப்பா ஜம்முனு சாஞ்சு உக்காந்துகிட்டு, "அவர் சொன்னதையெல்லாம் சுருக்கமா எழுதி குரூப்ல போட்டுடுடா, அத்தை கேப்பா"ன்னார். சுருக்கமாவாம்.

போகப் போறது அப்பா, அம்மா, பெரியம்மா, அத்தை. பெரியப்பாவுக்கு கயாவுல பிண்டம் போடணும், அதுக்குத்தான் பயணமே. நான் போகல, எனக்கு லீவு இல்ல, ஆனா எழுத மட்டும் நான்தான்.

கையில கிடைச்சது கிழிச்சுப் போட்ட காலண்டர் தாள், பின்னாடி நாலா கோடு போட்டேன். எந்த நாள் எங்க, எவ்வளவு காசு, அதுல என்னென்ன சேர்த்தி, வேண்டாம்னா எவ்வளவு போகும். கோடு போடறது ஈசி. அவர் பேசினது கோட்டுக்குள்ள நிக்கல, டிபன்ல ஆரம்பிச்சு ஏர்போர்ட்ல திரும்பி பணம் கட்டறதுல முடியும், திரும்ப டிபனுக்கு வரும்.

"அஞ்சு நைட் ஆறு நாள் சார்"னு அவர் கம்பீரமா சொல்றார். எழுதிப் பாத்தா முத நாள்ங்கறது சாயங்காலம் அஞ்சரைக்கு பாபத்பூர் ஏர்போர்ட்ல இறங்கி ஊருக்குள்ள இருபத்தஞ்சு கிலோமீட்டர் வந்து ரூம்ல பையை வைக்கறது. ஆறாவது நாள் காலம்பர இட்லி கூட இல்லாம ஏர்போர்ட் கிளம்பறது. நடுவுல இருக்கறது நாலு நாள்தான். ஒரு நாள் காசி, ஒரு நாள் பிரயாகை போய்ட்டு ராத்திரியே திரும்பறது (போக மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம்), அப்பறம் கயா போய் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் பிண்டம் முடிச்சு திரும்ப காசி. அதனால நான் "நாள் 1, நாள் 2"ன்னு எழுதல, "எந்த ஊர்ல எத்தனை மணிக்கு இருப்போம், ராத்திரி எங்க படுப்போம்"னு எழுதினேன். அப்படி எழுதினாதான் வண்டிக்குள்ளயே போற நேரம் கண்ணுக்குத் தெரியுது. கயாவுல ஏதாவது ஒரு காய விட்டுட்டு வரணுமேன்னு அம்மா ஞாபகப்படுத்த, அப்பா உடனே "பாகக்கா"ன்னார். பிறந்ததுலேர்ந்து தொட்டதில்ல. அதுல ஒரு எட்டு நிமிஷம் போச்சு, டூர்காரர் லைன்லயே இருந்தார் பாவம்.

காசு விஷயம்தான் அட்டகாசம். "தலைக்கு 24,500"ன்னு முதல்லயே சொல்லிட்டார், அப்பா மனசுக்குள்ள நாலால பெருக்கி 98,000ன்னு முடிச்சு வச்சுட்டார். முப்பத்தொண்ணாவது நிமிஷத்துல, டிரைவருக்கு ஹிந்திதான் வருமான்னு அம்மா கேட்ட கேள்விக்கு நடுவுல, "அது ஆறு பேர் கணக்கு மேடம்"னு போற போக்குல ஒரு வார்த்தை. நான்தான் பிடிச்சேன், அப்பாவுக்கு அது காதுலயே விழல. வண்டி வாடகை மொத்தமா 42,000, ஆறு பேர்னா ஆளுக்கு 7,000, நாலு பேர்னா 10,500. ஆக தலைக்கு 28,000. நாலு பேருக்கு 1,12,000, அதுக்கு மேல அஞ்சு சதவீதம் ஜிஎஸ்டி 5,600. மொத்தம் 1,17,600. பிளைட் டிக்கெட் இதுல இல்ல, அது தனியா நாம போட்டுக்கணும். தலைக்கு இவ்வளவுன்னு யாராவது சொன்னா, எத்தனை தலைக்குன்னு கேட்டு பக்கத்துலயே எழுதிடணும், இல்லன்னா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல.

சேர்த்தி என்னன்னு கேட்டா "எல்லாமே சார்". அந்த எல்லாமேவ என்னால தாள்ல எழுத முடியல. அதனால திருப்பிப் போட்டு, "நாங்க கைக்காசு எடுக்க வேண்டியது எங்கெங்க"ன்னு கேட்டேன். அப்பதான் கொட்டுது. காலை டிபன், ராத்திரி சாப்பாடு உண்டு, மத்தியானம் நம்ம செலவு. பிரயாகை சங்கமத்துல படகு நம்ம செலவு. கயாவுல சாஸ்திரிகள் தட்சிணை, சாமான் எல்லாம் நம்ம செலவு, அது எவ்வளவுன்னு அவர் சொல்லவே மாட்டேங்கறார். அப்பறம் "வண்டி கூடவே இருக்கும்"னாரே, அது கோயில் வாசல் வரைக்கும் வராது. கோதௌலியா பக்கம் கூட்டத்துக்கு வண்டிய விடறதில்ல, அங்கேர்ந்து பேட்டரி ரிக்‌ஷாவோ நடையோ. இது யாருக்கு முக்கியம்? அத்தைக்கு. அவங்க முட்டியப் பத்தி இந்தத் தெருவுக்கே தெரியும்.

நாலாவது கட்டம், வேண்டாம்னா என்ன. கிளம்பறதுக்கு முப்பது நாள் முன்னாடி சொன்னா பத்து சதவீதம் பிடிப்பாங்க, பதினஞ்சு நாள் வரைக்கும் இருபத்தஞ்சு, எட்டு நாள் வரைக்கும் ஐம்பது, அதுக்கப்பறம் ஒண்ணும் வராது. அப்பா "அட்வான்ஸ் முப்பதாயிரம்தானே, அதுல கால்வாசி போனா போகட்டும்"னார். போகறது அட்வான்ஸ்ல கால்வாசி இல்லப்பா, மொத்த 1,12,000ல கால்வாசி, 28,000. முப்பதாயிரத்துல திரும்பி வர்றது ரெண்டாயிரம். அப்பா கொஞ்ச நேரம் ஃபேனப் பாத்தார்.

அதுக்கும் மேல, நாலு பேர்ல ஒருத்தர் மட்டும் நின்னுட்டா? அத பொதுவா யாரும் கேக்கறதில்ல, நான் கேட்டேன், ஏன்னா அத்தை "முட்டி எப்படி இருக்குன்னு பாத்துதான் சொல்வேன்"னு ரெண்டு வாரமா சொல்லிட்டிருக்காங்க. ரெண்டு ரூம், அப்பா அம்மா ஒண்ணு, பெரியம்மா அத்தை ஒண்ணு. அத்தை வரலன்னா வண்டி 42,000ம் மூணு பேர் தலையில, ஆளுக்கு 3,500 கூடும். பெரியம்மாவுக்கு அதோட ரூம்ல அத்தை பங்கு 7,500ம் சேரும். ஆக பெரியம்மா தலைக்கு 39,000, ஜிஎஸ்டி தனி.

இதையெல்லாம் டைப் பண்ணி முதல்ல டூர்காரருக்கே அனுப்பினேன், "நீங்க சொன்னதா நான் புரிஞ்சுகிட்டது இது, சரியா பாருங்க"ன்னு. ரெண்டு கை கூப்பின படம் வந்துது. அது ஆமாவா இல்லையா? திரும்பக் கேட்டு, "கரெக்ட் சார், டிபன் ஹோட்டல் மாறினா மெனு மாறும்"னு எழுத்துல வாங்கினப்பறம்தான் குரூப்ல போட்டேன். அம்மா படிச்சுட்டு சமையல்கட்டுலேர்ந்தே "ஏண்டா, டிபன் உண்டா இல்லையா"ன்னு கேட்டாங்க. அத்தை நீல டிக், பதில் இல்ல.

பெரியம்மாதான் கண்ணாடி போட்டுகிட்டு முழுசாப் படிச்சாங்க. அத்தையும் அவங்களும் எங்க அக்கா கல்யாணத்துல சீர்த்தட்டு விஷயத்துல முறைச்சுகிட்டதுலேர்ந்து நேரா பேசறதில்ல, எல்லாம் எங்க வழியாத்தான் போகும். 39,000த்துல விரல வச்சு ரெண்டு தடவ பாத்தாங்க. சரி, சண்டை வரப் போகுதுன்னு நான் தாள மடிச்சேன்.

"அந்த ஆள்கிட்ட கீழ் ரூம் கேட்டியா?"

"எதுக்கு பெரியம்மா?"

"மாடி ஏறி எறங்கினா அவளுக்கு முட்டி தாங்காது. உங்க பெரியப்பா காரியம், கூடப் பொறந்தவ இல்லாம எப்படி."

மறுபடி போன் போட்டேன். கீழ் ரூம் "இருந்தா தர்றோம் சார்"ங்கறார். அஞ்சாவது கட்டமா அதையும் எழுதி, கை கூப்பற படம் வேண்டாம்னு முன்னாடியே சொல்லி அனுப்பியிருக்கேன், இன்னும் பதில் வரல.